டுடோரியல் குரல்பதிவில் வாய்க் கிளிக், உதட்டுச் சத்தம், மூச்சுச் சத்தம் நீக்குவது எப்படி

எக்செல் பற்றி 11 நிமிட டுடோரியல் ஒன்றைப் பதிவு செய்து, எடிட் செய்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகுதான் முதல் முறையாக அதை ஹெட்போனில் முழுதாகக் கேட்டேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் உதடு பிரியும் "ச்சப்", உடனே ஒரு பெரிய மூச்சு, வார்த்தைகளுக்கு நடுவில் எச்சில் உடையும் சின்னச் சின்ன "டிக்". லேப்டாப் ஸ்பீக்கரில் இவை எதுவுமே கேட்கவில்லை, ஹெட்போனில் வேறு எதுவுமே கேட்கவில்லை. உடனே மொத்தப் பதிவுக்கும் ஒரு கிளிக் நீக்கும் எஃபெக்டைப் போட்டேன், வார்த்தைகளின் முனை மழுங்கியது. பிறகு மூச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தேன், குரல் முன்னால் ஓடியது, திரையில் மவுஸ் பின்னால் வந்தது. மூன்று மாலைகள் போன பிறகுதான் எது எந்த வரிசையில் செய்யவேண்டும் என்பது பிடிபட்டது. நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் அந்த மூன்று மாலைகள் உங்களுக்கு மிச்சமாக வேண்டும், அதற்குத்தான் இது.

நான் பயன்படுத்துவது Audacity, 3 வரிசைப் பதிப்பு. முற்றிலும் இலவசம். மெனுப் பெயர்களைத் திரையில் இருப்பதுபோலவே தருகிறேன், உங்கள் பதிப்பில் ஒன்றிரண்டு இடம் மாறியிருக்கலாம்.

## 1. பதிவுக்கு முன்னால் செய்யவேண்டியவை

வாய்க் கிளிக் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி குறைக்கலாம். வாய் காயும்போது எச்சில் கெட்டியாகிறது, நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரியும்போதும் உதடுகள் பிரியும்போதும் அந்த ஈரப் படலம் அறுந்து "டிக்" என்கிறது. பதிவைத் தொடங்கும் நிமிடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதால் பெரிய பலன் இல்லை, வாய் நனையுமே தவிர எச்சிலின் பதம் உடனே மாறாது. இரண்டு மூன்று மணிநேரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு வாருங்கள். பதிவுக்கு முன் பால் கலந்த காபி, டீ, இனிப்பு வேண்டாம், வாயில் பிசுபிசுப்பு கூடும். குரல் கலைஞர்கள் பச்சை ஆப்பிள் ஒரு துண்டு கடித்துக்கொள்வது இதற்காகத்தான், அதன் புளிப்பு எச்சிலை நீர்க்கச் செய்கிறது. எனக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு எலுமிச்சை போதுமாக இருந்தது.

அடுத்தது மைக். வாய்க்கு நேராக, மிக அருகில் வைத்தால் இந்தச் சத்தங்கள் எல்லாம் நேராக அதற்குள் போகும். ஒரு சாண் தள்ளி, வாயின் மூலைக்குப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். பாப் ஃபில்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஆனால் அது "ப" சொல்லும்போது அடிக்கும் காற்றைத் தடுப்பதற்குத்தான், கிளிக்கைத் தடுக்காது. கிளிக் போய்விடும் என்று நம்பி அதை வாங்காதீர்கள்.

உட்கார்ந்ததும் பேசத் தொடங்காமல் வாயைத் திறந்து மூச்சு உள்ளே இழுத்து, வாயை மூடாமலே பேசத் தொடங்கிப் பழகுங்கள். "ச்சப்" பெரும்பாலும் மூடிய உதடு திறக்கும்போது வருவது, வாக்கியங்களுக்கு நடுவில் உதட்டை மூடாமல் இருந்தாலே எண்ணிக்கை கண்ணெதிரே குறையும்.

கடைசியாக, இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள்: அதே இடத்தில், அதே மைக் அளவில், அசையாமல், வாயைத் திறக்காமல் 20 வினாடி வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். இதை அறை ஓசை என்று சொல்லிக்கொள்வோம். வெற்று அறைக்கும் ஒரு சத்தம் உண்டு, பின்னால் மூச்சு இருந்த இடத்தை நிரப்ப இதுதான் ஒட்டுத்துணி. நான் முதல் பதிவில் இதை எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தது பொருந்தவில்லை, மின்விசிறி வேறு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

## 2. கோப்புகளைத் தயார் செய்யுங்கள்

மூலப் பதிவை WAV ஆகத் தனியாகச் சேமித்துவிட்டு, அதன் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். நான் ஒரு ஃபோல்டரில் நான்கு வைத்திருப்பேன்: தொடாத மூலம், அறை ஓசை, வேலை நடக்கும் .aup3 புராஜெக்ட், கடைசியில் வரும் சுத்தமான WAV. மூலத்தை MP3 ஆக மாற்றிவிட்டு எடிட் செய்யத் தொடங்கவேண்டாம், MP3 சுருக்கம் கிளிக்கின் கூரிய முனையை முன்னும் பின்னும் பரப்பிவிடும், பிறகு அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது.

வீடியோவோடு சேரப்போகும் குரல் என்பதால் சாம்பிள் ரேட்டை, அதாவது ஒரு வினாடி ஒலியை எத்தனை புள்ளிகளாக அளப்பது என்பதை, 48000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண் கீழே ஓர் இடத்தில் தேவைப்படும்.

டுடோரியலுக்கே உரிய ஒரு பெரிய பொறி இங்கே இருக்கிறது. திரைப் பதிவும் குரலும் ஒரே நேரத்தில் எடுத்தவை என்றால், குரலில் எதையும் *வெட்டி நீக்கக் கூடாது*. அரை வினாடி மூச்சு ஒன்றை Delete அழுத்தி நீக்கினால் அதற்குப் பிறகுள்ள எல்லாமே அரை வினாடி முன்னால் நகரும், பத்து மூச்சு நீக்கினால் ஐந்து வினாடி. "இந்தப் பட்டனை அழுத்துங்க" என்று நீங்கள் சொல்லி முடித்த பிறகும் மவுஸ் வேறெங்கோ திரிந்துகொண்டிருக்கும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா முறைகளும் நீளத்தை மாற்றாதவை. புராஜெக்ட் தொடங்கும்போது பதிவின் மொத்த நீளத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள், முடிக்கும்போதும் அது அதே எண்ணாக இருக்கவேண்டும்.

## 3. முதலில் காது, பிறகு கண்

ஹெட்போனை மாட்டி, சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும் அளவில் சத்தத்தை வைத்து, ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். ஏதாவது உறுத்தினால் Ctrl+M அழுத்துங்கள், ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு லேபிள் விழும். அதில் கிளிக்குக்கு "க", மூச்சுக்கு "மூ", உதட்டுக்கு "உ" என்று ஓர் எழுத்து போட்டு Enter தட்டிவிடுங்கள். Enter தட்டாமல் Space அழுத்தினால் ஓடும் பதிவு நிற்காது, லேபிளுக்குள் இடைவெளிதான் விழும், நான் இதில் கொஞ்ச நேரம் குழம்பினேன்.

முக்கியமான விதி: இந்தச் சுற்றில் காதில் விழாத எதையும் பிறகு தொடாதீர்கள். பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினால் எல்லா இடத்திலும் ஏதோ ஒரு கீறல் தெரியும், அத்தனையையும் துடைக்கப் போனால் வேலையும் முடியாது, குரலும் உயிரில்லாமல் ஆகும். சத்தத்தை அதிகம் கூட்டி வைத்துக் கேட்பதும் அதே தவறுதான்.

இப்போது கண். டிராக் மெனுவில் Spectrogram என்பதைத் தேர்ந்தெடுங்கள், அலைவடிவமும் கூடவே வேண்டுமென்றால் Multi-view. Spectrogram என்பது ஒலியின் படம், இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி, நிறம் சத்தத்தின் அளவு. Spectrogram Settings இல் Window size ஐ 512 க்குக் குறைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் நேரம் துல்லியமாகத் தெரியும், பெரிய எண்ணாக இருந்தால் கிளிக் அகலமாகக் கலங்கித் தெரியும். இந்தப் படத்தில் கிளிக் என்பது மேலிருந்து கீழே இழுத்த ஒல்லியான செங்குத்துக் கோடு. உதட்டுச் சத்தம் அதே கோடுதான், கொஞ்சம் தடித்து, சில சமயம் இரட்டையாக. மூச்சு ஒரு புகை மூட்டம், முனை மங்கித் தொடங்கி மங்கி முடியும். குரல் மட்டும் படிக்கட்டுபோலக் கிடைமட்ட வரிகளாக இருக்கும். இரண்டு நாள் பார்த்தால் கண் பழகிவிடும், பிறகு கேட்காமலே இடத்தைக் காட்ட முடியும்.

மவுஸ் சத்தத்தை வாய்ச் சத்தத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மவுஸை அழுத்தும்போது ஒன்று, விடும்போது ஒன்று என்று இரண்டு கோடுகள் ஜோடியாக வரும். திரையில் பட்டன் அமுங்கும் இடத்தில் அது வந்தால் நான் விட்டுவிடுவேன், பார்ப்பவருக்கு அது உறுத்துவதில்லை.

## 4. எழுத்தை அழித்துவிடாதீர்கள்

கருவிகளுக்குப் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் கெடுத்தது இங்கேதான்.

க, ட, த, ப எல்லாமே வாயில் காற்றை அடைத்து, பட்டென்று விடுவதால் பிறப்பவை. அந்த விடுப்பு ஸ்பெக்ட்ரோகிராமில் எப்படித் தெரியும்? ஒல்லியான செங்குத்துக் கோடாக. அதாவது வாய்க் கிளிக் போலவே. "கட்டம்" என்பதன் முதல் கோட்டைக் கிளிக் என்று நினைத்து அழித்தால் "அட்டம்" என்றுதான் கேட்கும்.

பிரித்தறிய ஒரு வழி, எழுத்தின் கோட்டுக்குப் பின்னால் உடனேயே, கண் இமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவான இடைவெளியில், உயிரெழுத்தின் வரிகள் தொடங்கிவிடும். தமிழில் க, ட, ப சொன்ன பிறகு நாம் காற்றை ஊதுவதில்லை, அதனால் அந்த இடைவெளி வெறும் 10 முதல் 30 மில்லி வினாடிதான் இருக்கும். வாய்க் கிளிக் அப்படி ஒட்டிக்கொண்டு நிற்காது, தனியாக நிற்கும்.

இரட்டித்து வரும் எழுத்துகளில் இன்னும் கவனம் வேண்டும். "பட்டன்", "அடுத்து", "இப்போ", "பக்கம்" இவற்றில் ட்ட, த்த, ப்ப, க்க சொல்லும்போது நடுவில் வாய் சற்று நேரம் முழுதாக அடைபட்டிருக்கும், படத்தில் அது ஒரு வெற்றுப் பள்ளம். எச்சில் "டிக்" வருவதற்குப் பிடித்தமான இடம் அந்தப் பள்ளம். பள்ளத்தின் நடுவில் நிற்கும் கோடு கிளிக், பள்ளத்தின் வலது கரையில் நிற்கும் கோடு எழுத்து. நடுவில் நிற்பதை எடுக்கலாம், கரையில் நிற்பதைத் தொடவே கூடாது.

சந்தேகம் வந்தால் அந்தக் கோட்டை மட்டும் தேர்ந்து Ctrl+L அழுத்தி மௌனமாக்கி, அந்த வார்த்தையை ஒரு முறை கேளுங்கள். வார்த்தை மாறினால் அது எழுத்து, Ctrl+Z போட்டுவிடுங்கள்.

## 5. ஒரு வாக்கியத்தை எடுத்துச் செய்து பார்ப்போம்

என் பதிவில் இரண்டாம் நிமிடத்தில் வரும் வாக்கியம் இது: "இப்போ, மூணாவது கட்டத்தைக் கிளிக் பண்ணுங்க." லேபிள் சுற்றில் இதில் நான்கு குறி விழுந்தது. வாக்கியத்துக்கு முன் ஒரு "ச்சப்" ஒட்டி ஒரு மூச்சு, "இப்போ"வின் ப்ப நடுவில் ஒரு டிக், "மூணாவது"வின் ஊகாரத்துக்குள் ஒரு டிக், "பண்ணுங்க" முடிந்து கால் வினாடி கழித்து வாய் மூடும் சத்தம்.

முதலில் "ச்சப்" + மூச்சு. இவை இரண்டும் ஜோடியாகத்தான் வரும், வாய் திறக்கிறது, காற்று உள்ளே போகிறது, பேச்சு வருகிறது. ஆகவே தனித்தனியாகத் திருத்தவேண்டாம். புதிய பத்தியோ புதிய படியோ தொடங்கும் இடமென்றால், நான் ஜோடி முழுவதையும் அறை ஓசையால் மூடிவிடுவேன். செய்முறை:

உதட்டுக் கோட்டுக்குச் சற்று முன்னிருந்து மூச்சின் முடிவுக்குச் சற்று முன்வரை தேர்ந்தெடுங்கள். கீழேயுள்ள Selection பட்டையில் Start and Length of Selection என்று மாற்றி, நீளத்தைப் பாருங்கள். என்னுடையது 0.420 வினாடி. இப்போது அறை ஓசை டிராக்குக்குப் போய், எங்காவது ஓரிடத்தில் கிளிக் செய்து, நீளப் பெட்டியில் அதே 0.420 ஐத் தட்டுங்கள், Ctrl+C. திரும்பி வந்து மூச்சை மறுபடி அதே அளவில் தேர்ந்து Ctrl+V. நீளம் சமம் என்பதால் பின்னால் எதுவும் நகராது. நீளம் சமமாக இல்லாவிட்டால் ஒட்டும்போது மிச்சப் பதிவு முழுதும் தள்ளிப்போகும், அதனால்தான் இந்த எண்ணில் பிடிவாதம்.

"மூச்சின் முடிவுக்குச் சற்று முன்" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. "இப்போ", "அடுத்து", "உங்க", "எல்லா" என்று நம் வாக்கியங்கள் பல உயிரெழுத்தில் தொடங்கும். உயிர் வெடித்துத் தொடங்காது, மூச்சின் வாலிலிருந்தே எழும்பி வரும். விளிம்பு வரை ஒட்டினால் "இ" பாதியில் பிறந்ததுபோல் கேட்கும். கடைசி 30 மில்லி வினாடியை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, "இப்போ"வுக்குள் இருக்கும் டிக். இது பள்ளத்தின் நடுவில் நிற்கிறது, அங்கே குரல் இல்லை. அந்தச் சின்னத் துண்டை மட்டும் தேர்ந்து Effect > Volume and Compression > Amplify போய் -20 என்று தட்டுங்கள். Ctrl+L போட்டு முழு மௌனமாக்குவதும் இவ்வளவு சின்ன இடத்தில் பெரும்பாலும் தெரியாது, ஆனால் அறையில் மின்விசிறியோ ஏசியோ ஓடினால் அந்த வெற்றுத் துளையே ஒரு புது டிக்காகக் கேட்கும். அதனால் Amplify பாதுகாப்பு.

மூன்றாவது, "மூ"வுக்குள் இருக்கும் டிக். குரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, இங்கே சத்தத்தைக் குறைத்தால் குரலே விக்கும். இதற்கு Repair. அலைவடிவப் பார்வைக்கு மாறி, Ctrl+1 ஐத் தொடர்ந்து அழுத்தி, புள்ளி புள்ளியாகச் சாம்பிள்கள் தெரியும்வரை பெரிதாக்குங்கள். அழகாக வளைந்து போகும் அலையில் ஓரிடத்தில் மட்டும் முள் நீட்டிக்கொண்டிருக்கும். முள்ளை மட்டும் தேர்ந்து Effect > Noise Removal and Repair > Repair. இரண்டு பக்கத்து அலையையும் பார்த்து நடுவை அதுவே வரைந்துவிடும், சரியாக விழுந்தால் எங்கே இருந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு ஓர் எல்லை உண்டு: 128 சாம்பிளுக்கு மேல் தேர்ந்தால் எச்சரிக்கைப் பெட்டி வரும், வேலை செய்யாது. 48000 ரேட்டில் 128 சாம்பிள் என்பது சுமார் 2.7 மில்லி வினாடி. எச்சரிக்கை வந்ததும் இந்தக் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு, நானும் விட்டேன். இன்னும் பெரிதாக்கி, முள்ளின் மிக உரத்த பகுதியை மட்டும் பிடியுங்கள்.

முள் அதைவிட அகலமென்றால் ஸ்பெக்ட்ரோகிராமுக்குத் திரும்புங்கள். குரலின் கனமான வரிகள் கீழே இருக்கும், கிளிக்கின் கோடு மேலேவரை நீண்டிருக்கும். குரல் வரிகள் மங்கும் உயரத்துக்கு மேலே கோட்டைச் சுற்றி ஒரு சின்னப் பெட்டி இழுத்து Effect > Spectral Tools > Spectral Delete கொடுங்கள். கீழ்ப்பகுதி அப்படியே இருப்பதால் குரல் போகாது, காதைக் குத்தும் மேல்பகுதி மட்டும் போகும். பெட்டி அகலமாகிவிட்டால் அந்த இடத்தில் குரல் ஒரு கணம் போர்வைக்குள் போய் வந்ததுபோல் இருக்கும், அதைக் கேட்டால் திரும்பி, ஒல்லியாக இழுங்கள்.

நான்காவது, கடைசியில் வாய் மூடும் சத்தம். வார்த்தை முடிந்து தூரத்தில் தனியாக நிற்பதால் அறை ஓசை ஒட்டினால் முடிந்தது.

இந்த ஒரு வாக்கியத்துக்கு முதல் முறை எனக்கு ஆறேழு நிமிடம் பிடித்தது, இப்போது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஒரே வாக்கியத்தில் வார்த்தைகளுக்கு *உள்ளே* நாலைந்து கிளிக் இருந்தால் திருத்த உட்காராதீர்கள், தண்ணீர் குடித்துவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி பேசுங்கள். அதே நாள், அதே இடம், அதே உட்காரும் முறை, இல்லையென்றால் ஒட்டு தெரியும்.

## 6. மூச்சைக் கொல்லவேண்டாம், அடக்கினால் போதும்

வாக்கியத்துக்கு நடுவில் வரும் மூச்சுகளை நான் அழிப்பதில்லை. எல்லா மூச்சையும் எடுத்துவிட்டால் கேட்பவருக்குத் தன்னையறியாமல் மூச்சு முட்டும், இந்த ஆள் எப்போது காற்று இழுக்கிறார் என்ற உறுத்தல் இருந்துகொண்டே இருக்கும். என் முதல் சுத்தமான பதிவைக் கேட்ட நண்பர் சொன்னது, "துண்டு துண்டாப் பேசி ஒட்டின மாதிரி இருக்கு."

மூச்சு முழுவதையும் தேர்ந்து Amplify இல் -10 அல்லது -12. அடுத்த மூச்சுக்குப் பெட்டியைத் திறக்கவேண்டியதில்லை, தேர்ந்தெடுத்து Ctrl+R அழுத்தினால் கடைசி எஃபெக்ட் அதே அளவில் மறுபடி விழும். லேபிளிலிருந்து லேபிளுக்குத் தாவி, தேர்வு, Ctrl+R, தேர்வு, Ctrl+R என்று போனால் ஐந்து நிமிடப் பதிவின் மூச்சுகள் கால்மணி நேரத்தில் அடங்கிவிடும். நடுவில் வேறு எஃபெக்ட் எதையாவது போட்டுவிட்டால் Ctrl+R அதைத்தான் மறுபடி செய்யும், அதனால் மூச்சுக்கென்று தனிச் சுற்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குறைப்பது என்பது பின்னால் கம்ப்ரசர், அதாவது உரத்த இடங்களை அமுக்கும் எஃபெக்ட், போடப்போகிறீர்களா என்பதைப் பொறுத்தது. உதாரணமாகக் குரலின் உச்சம் -6 டெசிபல், மூச்சு -26 என்று வையுங்கள், இடைவெளி 20. கம்ப்ரசர் குரலை 6 டெசிபல் அமுக்கி, பிறகு எல்லாவற்றையும் 6 டெசிபல் தூக்கினால், குரல் பழைய இடத்துக்கே வரும், ஆனால் அமுங்காத மூச்சு -20 க்கு ஏறிவிடும். இடைவெளி 14 ஆகிவிட்டது. கம்ப்ரசருக்குப் பிறகு மூச்சு பூதாகரமாகிவிட்டது என்று பலர் சொல்வது இதுதான். ஆகவே கிளிக்கும் மூச்சும் முதலில், கம்ப்ரசர் பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

## 7. தானியங்கிக் கருவிகளை எங்கே நம்பலாம்

Click Removal. Audacity இலேயே இருக்கிறது, ஆனால் பழைய இசைத்தட்டுகளின் கீறல் சத்தத்துக்காக வந்த கருவி. Threshold 200, Max Spike Width 20 என்று இருக்கும். Threshold ஐக் குறைத்தால் அதிகம் பிடிக்கும், எழுத்துகளையும் சேர்த்து. மொத்தப் பதிவுக்கும் போடாமல், கிளிக் இருக்கும் இடத்தைச் சுற்றி அரை வினாடி போல் தேர்ந்து போட்டுப் பாருங்கள். மிகச் சின்னத் தேர்வை அது ஏற்காது. ஒன்றும் மாறவில்லை என்று செய்தி வந்தால், வாய்க் கிளிக் அதன் கணக்குக்கு அகலம் அல்லது மென்மை என்று அர்த்தம், கையாலேயே செய்யுங்கள்.

Noise Gate. ஒரு அளவுக்குக் கீழேயுள்ள எல்லாவற்றையும் அடக்கும் கருவி இது, மூச்சுக்கு இதை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். தமிழுக்கு நான் வேண்டாம் என்பேன். நம் வார்த்தைகள் பாதி குற்றியலுகரத்தில் முடிகின்றன: "செய்து", "அடுத்து", "எடுத்துக்கிட்டு", "இருக்கு". அந்தக் கடைசி உகரம் அவ்வளவு மெல்லியது, பல இடங்களில் மூச்சைவிடவும் மெல்லியது. மூச்சை மூடும் அளவுக்குக் கதவை ஏற்றினால் "இருக்கு" என்பது "இருக்க்" என்று நறுக்கென நிற்கும். மூச்சு உரக்க, உகரம் மெல்ல என்றிருக்கும்போது அளவை மட்டும் பார்க்கும் கருவியால் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

காசு கொடுத்து வாங்குபவை. ஐசோடோப் நிறுவனத்தின் ஆர்எக்ஸ் மென்பொருளில் Mouth De-click, Breath Control என்று இதற்காகவே இரண்டு பகுதிகள் உண்டு. வாய்க் கிளிக்கில் அது உண்மையாகவே நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதில் பல பதிப்புகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் எல்லாப் பகுதிகளும் இருக்காது, வாங்கும் முன் உங்களுக்கு வேண்டிய பகுதி அந்தப் பதிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒன்றிரண்டு டுடோரியல் என்றால் அந்தப் பணத்தில் நல்ல மூடிய ஹெட்போன் ஒன்று வாங்குவதே மேல் என்பது என் எண்ணம், ஏனென்றால் கேட்காத கிளிக்கை எந்த மென்பொருளாலும் சரியான அளவில் நீக்கச் சொல்ல முடியாது.

## 8. முடிக்கும் வரிசையும் நேரக் கணக்கும்

கிளிக், மூச்சு இரண்டும் முடிந்த பிறகு புராஜெக்டை ஒரு முறை தனிப்பெயரில் சேமியுங்கள். பிறகு குரலின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்யும் ஈகியூ, கம்ப்ரசர், கடைசியாக மொத்தச் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் Loudness Normalization. அதை யூடியூபுக்கு -14 LUFS என்று வைப்பேன், LUFS என்பது காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு. மோனோ பதிவென்றால் Treat mono as dual-mono பெட்டியில் டிக் இருக்கட்டும். கம்ப்ரசர் போட்ட பிறகு இன்னொரு முறை முழுதாகக் கேட்டே ஆகவேண்டும், முன்பு அடங்கியிருந்த ஒன்றிரண்டு கிளிக் மேலே வந்திருக்கும். அப்படி வந்தால் கம்ப்ரசருக்குப் பிந்தைய கோப்பில் திருத்தாமல், சேமித்து வைத்த புராஜெக்டுக்குத் திரும்பி அங்கே திருத்துங்கள்.

நேரம்: முதல் டுடோரியலுக்கு ஒரு நிமிடக் குரலுக்குப் பத்து நிமிட வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 11 நிமிடப் பதிவுக்கு இரண்டு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்றாவது, நான்காவது பதிவில் அது பாதிக்கும் கீழே வரும், அதில் பெரும் பங்கு கை வேகத்தால் அல்ல, தண்ணீரும் மைக்கின் கோணமும் செய்தது. முக்கால் மணிநேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் உட்காரவேண்டாம், காது களைத்துவிட்டால் இல்லாத கிளிக் கேட்கும், இருப்பது கேட்காது. நான் லேபிள் சுற்றை இரவிலும் திருத்தும் சுற்றை மறுநாள் காலையிலும் வைத்துக்கொள்கிறேன்.

ஏற்றுமதி செய்த WAV இன் நீளத்தை, தொடக்கத்தில் தாளில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் வீடியோவில் பழைய ஒலியை மௌனமாக்கி, இதை முதல் பிரேமிலிருந்து வைத்து, கடைசி நிமிடத்தில் ஒரு மவுஸ் கிளிக்கையும் அதற்கான வார்த்தையையும் சேர்த்துப் பாருங்கள். தொடக்கத்தில் பொருந்துவதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள், எங்காவது ஓர் ஒட்டில் நீளம் தவறியிருந்தால் அது கடைசியில்தான் தெரியும். பொருந்தவில்லையென்றால் லேபிள்களைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வாருங்கள், குரலும் திரையும் மறுபடி சேரும் இடத்துக்கு அடுத்து இருக்கும் ஒட்டுதான் தவறியது.